கிராம்பு டப்பா

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் சமையலறை மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது பழைய பித்தளை டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே கிராம்பும் ஒரு துண்டு பட்டையும். என் பேத்தி எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "பாட்டி, இது உப்பு டப்பாவா?" என்று கேட்டாள். "இல்லைடி, இது சனிக்கிழமை டப்பா" என்றேன். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓசூரில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுவது வழக்கம். சிப்காட் வந்த நாளிலிருந்தே இந்த ஊருக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும். 2014ல் மாடிக்கு ஒரு கணவனும் மனைவியும் குடி வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. தானே பக்கத்திலிருந்து வந்தவர்கள், வீட்டில் மராத்தி பேசுவார்கள். அவர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். அவர் என்னை "டீச்சர்" என்பார், அந்த அம்மா "அக்கா" என்பாள். நாங்கள் அவரை "மாடி சார்" என்றே கூப்பிட்டோம்.

குடி வந்த முதல் மாதத்திலேயே ஒன்று கவனித்தேன். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குள் அந்த வீட்டில் சமையல் எல்லாம் முடிந்துவிடும். சனிக்கிழமை அடுப்புச் சத்தமே கேட்காது. அன்று இருட்டியதும் இருவரும் மொட்டை மாடிக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் துணி எடுக்கப் போனவள், "என்ன சார், பிறையா பார்க்கிறீங்க?" என்றேன். "இல்லை டீச்சர், நட்சத்திரம் எண்ணுறோம். மூணு வேணும்" என்றார்.

அப்படித்தான் அவர்கள் யூதர்கள் என்று தெரிந்தது. நானும் டீச்சர்தான், வரலாற்றுப் பாடமும் நடத்தியிருக்கிறேன். யூதர் என்றால் எனக்குத் தெரிந்தது பைபிள் கதையும், ஹிட்லரும், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய ஜெப ஆலயமும்தான். மராத்தி பேசுகிற யூதர்களைக் கேள்விப்பட்டதே இல்லை. இவர்கள் 'பெனே இஸ்ரேல்' என்ற பிரிவு. கொங்கணக் கரையில், அலிபாக் பக்கத்தில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஏழு தம்பதியரின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் மரபுக் கதை. அந்தக் கிராமங்களில் அவர்களுக்குத் தொழில் செக்கில் எண்ணெய் ஆட்டுவது. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர். வேதம், மொழி எல்லாம் மங்கிப்போன காலத்திலும் அந்த ஒரு நாள் ஓய்வு போகவில்லை. பிற்பாடு கொச்சியிலிருந்து போன யூதர்கள்தான் அவர்களுக்கு வழிபாட்டு முறைகளை மறுபடி கற்றுக்கொடுத்தார்களாம்.

ஓய்வு நாளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஷப்பாத். முதலில் என் காதில் 'சப்பாத்து' என்று விழுந்து, செருப்பைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். வெள்ளி சூரியன் மறைவதற்கு முன் தொடங்கும் ஷப்பாத், சனிக்கிழமை மூன்று நட்சத்திரம் தெரிகிற இருட்டு வந்ததும் முடியும். நம் ஊர்க் கணக்கில் சூரியன் மறைந்து முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். சிப்காட் விளக்கு வெளிச்சத்தில் மூன்று நட்சத்திரம் கண்டுபிடிப்பது கஷ்டம். மேகம் இருந்தால் சுத்தம். அப்போது காலண்டரில் போட்ட நேரத்தைப் பார்த்துக்கொள்வார்.

நட்சத்திரம் தெரிந்த பிறகு அவர்கள் செய்வதுதான் இந்தப் பதிவின் விஷயம். அதற்குப் பெயர் ஹவ்தாலா. எபிரேய மொழியில் 'பிரித்தல்' என்று பொருள். ஓய்வு நாளை வேலை நாளிலிருந்து பிரித்து வழியனுப்பும் சடங்கு. மொத்தம் பத்து நிமிடம் கூட ஆகாது. நான்கு வாழ்த்துகள். முதலில் திராட்சை ரசம், அடுத்து வாசனைப் பொருள், அடுத்து நெருப்பு, கடைசியில் பிரித்தல். வாய், மூக்கு, கண், பிறகு மூளை. கீழேயிருந்து மேலே ஏறுகிறது பாருங்கள் என்று அவர் தன் முகத்தில் விரலை வைத்துக் காட்டியது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் ஐம்புலன் பாடம் நடத்துகிற மாதிரியே இருந்தது.

"ஐந்து புலன் வேணுமே, மூணுதானே வருது?" என்று நான் விடவில்லை. அதற்கு அவர், வாழ்த்து இருப்பது மூன்று புலனுக்குத்தான், மற்ற இரண்டுக்குத் தனி வாழ்த்து கிடையாது என்றார். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் காதால் கேட்டே ஆக வேண்டும், நெருப்பின் சூடு விரலில் படும், ஆக ஐந்தும் வந்துவிடுகிறது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு என்றார்.

முதலில் ரசம். பாத்திரத்தில் குறைந்தது 86 மில்லி இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. நம் சின்ன காப்பி டம்ளர் அளவு. அதை விளிம்பு தட்ட ஊற்றி, கொஞ்சம் கீழே தட்டில் வழியவும் விடுவார். வரும் வாரம் நிரம்பி வழியட்டும் என்பதற்காக. எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னிடம் தனியாக, "சார் வாரா வாரம் கடைக்குப் போறாரா?" என்று கேட்டார். அது சாராயக் கடைச் சரக்கு இல்லை. அவர்களுடைய விதிப்படி செய்த ஒயின் ஓசூரில் கிடைக்காது. அதனால் இந்திய யூதர்கள் காலகாலமாகச் செய்கிற வழியையே இவர்களும் செய்தார்கள். உலர்ந்த கறுப்பு திராட்சையை வியாழக்கிழமை இரவே கழுவி ஊற வைப்பாள் அந்த அம்மா. ஒரு டம்ளர் திராட்சைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். வெள்ளிக்கிழமை நன்றாகக் கையால் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டிவிடுவாள். ஷப்பாத் தொடங்கிய பிறகு பழத்தைப் பிழியக் கூடாது, அதுவும் வேலைக் கணக்கில் வரும். தண்ணீரை அதிகம் ஊற்றினால் அது திராட்சைக்கொடியின் கனியில்லை, இனிப்புத் தண்ணீர் ஆகிவிடும், அந்த வாழ்த்து செல்லாது. நாக்கில் வைத்தால் பழத்தின் கனம் தெரிய வேண்டும். எனக்கும் ஒரு டம்ளர் கீழே வரும். நம் பானகத்துக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதான நெருப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசனையைக் கடைசிக்கு வைக்கிறேன். காரணம் பிறகு புரியும்.

ஷப்பாத் அன்று நெருப்பு மூட்டக் கூடாது. எனவே வாரத்தின் முதல் வேலை நெருப்பை மூட்டுவது. அதற்கு ஒரு கதை உண்டு. முதல் மனிதன் ஆதாம் தன் முதல் ஷப்பாத் முடிந்து இருட்டு சூழ்ந்தபோது பயந்து போனானாம். இரண்டு கல்லைக் கொடுத்து உரசும் அறிவையும் கடவுள் அவனுக்குத் தந்தார். பொறி வந்தது. மனிதன் தன் கையால் செய்த முதல் வெளிச்சம் அது. அதனால்தான் சனிக்கிழமை இரவில் புது நெருப்புக்கு வாழ்த்து.

நெருப்புக்கு ஒரு திரி போதாது. பல திரிகளை முறுக்கிச் செய்த மெழுகுவர்த்தி வேண்டும். ஓசூரில் அது எங்கே கிடைக்கும்? மாதா கோவிலுக்குப் பக்கத்துக் கடையில் மெல்லிய மெழுகுவர்த்தி இரண்டு வாங்கி, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வளைகிற பதம் வந்ததும் ஜடை மாதிரி பின்னிவிடுவார். பதம் தப்பினால் பட்டென்று உடையும். உடைந்தாலும் கவலையில்லை, இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சுடர் ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி காட்டினால் போதும்.

ஏன் ஒன்றுக்கு மேல்? அந்த வாழ்த்தில் நெருப்பின் 'ஒளிகள்' என்று பன்மையில் வருகிறதாம். இதைப் பற்றி சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரண்டு குருகுலங்கள் வாதாடியிருக்கின்றன. ஷம்மாயின் மாணவர்கள் ஒளி என்று ஒருமையில் சொல்ல வேண்டும் என்றார்கள். ஹில்லேலின் மாணவர்கள் ஒளிகள் என்றார்கள், ஏனென்றால் ஒரு சுடருக்குள்ளேயே பல நிறம் இருக்கிறது. ஹில்லேல் கட்சிதான் நிலைத்தது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். முப்பது வருடம் மெழுகுவர்த்திச் சுடரின் பகுதிகள் என்று கரும்பலகையில் படம் வரைந்தவள் நான். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள், ஓரத்தில் நீலம். பையன்கள் எப்போதும் ஒரே வண்ணச் சாக்கட்டியில் வரைந்துவிடுவார்கள். மதிப்பெண் குறைத்திருக்கிறேன். நான் ஹில்லேல் கட்சி என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சுடரைப் பார்த்தால் மட்டும் போதாது, அதன் வெளிச்சத்தால் ஏதாவது பயன் அடைந்திருக்க வேண்டும். அதற்குத்தான் மாடி விளக்கை அணைத்துவிட்டு, விரல்களை மடக்கி மெழுகுவர்த்திக்கு அருகில் கொண்டுபோவார்கள். அந்த வெளிச்சத்தில் நகம் எது, சதை எது என்று பிரித்துப் பார்க்க முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும். மடக்கிய விரலின் நகத்தில் வெளிச்சம் விழும், உள்ளங்கையில் நிழல் விழும். வெளிச்சமும் இருட்டும் ஒரே கையில். முடிவில் தட்டில் வழிந்த ரசத்தில் சுடரை முக்கி அணைப்பார். 'சுர்' என்று ஒரு சத்தம். வாரம் தொடங்கிவிட்டது.

நான்காவது வாழ்த்து எனக்குச் சங்கடமாக இருந்ததை மறைக்கவில்லை. புனிதத்தையும் சாதாரணத்தையும் பிரித்தவர், வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தவர், ஏழாம் நாளையும் ஆறு நாளையும் பிரித்தவர் என்று கடவுளைப் போற்றுகிறது. நடுவில் இஸ்ரவேலரையும் மற்ற மக்களையும் பிரித்தவர் என்றும் வருகிறது. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நேராகவே கேட்டேன். "அப்போ நாங்கதான் அந்த மத்தவங்க. எங்களை ஒதுக்கி வைக்கிற மாதிரி இல்லையா சார்?" சாதி சொல்லிப் பந்தியைப் பிரித்த ஊர்களில் வேலை பார்த்தவள் நான். பிரித்தல் என்ற வார்த்தையே எனக்குக் கசப்பு.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "டீச்சர், ஃபாக்டரியில் என் வேலையே பிரிக்கறதுதான்" என்றார். அவர் கையில் கோ, நோ-கோ கேஜ் என்று ஒரு கருவி இருக்கும். ஒரு பக்கம் துளைக்குள் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. "நான் பிரிச்சுப் பார்க்கலைன்னா வண்டி ஓடாது. ஆனா வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டதுன்னு அந்த வாழ்த்தில் இல்லை. இருட்டு இல்லைன்னா நட்சத்திரம் எப்படி எண்ணுவேன்? சில பேர் அந்த வரியை வச்சுத் தலை கனத்துப் பேசுவாங்க. அது தப்பு." பிறகு இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை இரவுத் தொழுகையிலும் இந்தப் பிரித்தல் வருகிறது, அதை அறிவைக் கேட்கும் வேண்டுதலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அறிவு இல்லாமல் பிரித்தறிவது எப்படி என்று அந்தக் கால அறிஞர்கள் கேட்டார்களாம். எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி பிடித்திருந்தது.

இப்போது வாசனைக்கு வருகிறேன்.

ஷப்பாத் அன்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஆத்மா கூடுதலாக வந்து தங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. சனி இரவு அது கிளம்பிவிடும். அது போனதும் மனிதனுக்கு ஒரு சோர்வு, ஒரு மயக்கம். மயக்கம் போட்டவர் மூக்கில் நம் ஊரில் எதையாவது நறுக்கி வைப்பதில்லையா, அதே போல்தான் இந்தக் கிராம்பும் பட்டையும். ஏன் வாசனை? சாப்பாட்டால் உடம்புக்கு லாபம், வாசனையால் உடம்புக்கு ஒன்றும் ஏறுவதில்லை, அதை அனுபவிப்பது ஆத்மா மட்டுமே என்று தல்மூத் என்ற நூலில் இருக்கிறதாம். அதற்குத்தான் அந்த ஓட்டை போட்ட பித்தளை டப்பா. வாழ்த்தைச் சொல்லி, முகர்ந்து, கைமாற்றிக் கொடுப்பார்கள்.

2021 மே மாதம். ஓசூரில் எந்தத் தெருவிலும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத மணிநேரம் இல்லை. மாடியில் இருவருக்கும் காய்ச்சல். கீழே எங்கள் இருவருக்கும் காய்ச்சல். நான் எழுந்தேன். அவர் எழவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

எனக்கு வாசனை போய்விட்டது என்பதே பல நாள் தெரியாது. ஒரு நாள் பால் பொங்கிக் கருகி, பாத்திரம் கறுத்து, புகை மூட்டம் கண்ணை எரித்தபோதுதான் அடுப்பு நினைவே வந்தது. மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. அன்றைக்கு இரவு அலமாரியைத் திறந்து அவருடைய சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி. வெறும் துணி. முப்பத்து நான்கு வருடம் பக்கத்தில் இருந்த மனிதருடைய விபூதியும் வியர்வையும் அந்தச் சட்டையில் இருக்க வேண்டும். இருந்திருக்கும். எனக்குத்தான் இல்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா கீழே வந்து, "அக்கா, மேலே வாங்க, சும்மா உட்காருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வழக்கம் போல ரசம். அடுத்து டப்பாவை எடுத்தது அவர் இல்லை, அந்த அம்மா. வாழ்த்தையும் அவளே சொன்னாள். அவள் முகர்ந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏழு வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. முடிந்ததும் கேட்டேன். "எனக்கும் மூக்கு போயிடுச்சு டீச்சர். வாசனை தெரியாதவன் அந்த வாழ்த்தைச் சொல்லக் கூடாது. கண் தெரியாதவர் நெருப்பு வாழ்த்தைச் சொல்லாத மாதிரி. அனுபவிக்காததுக்கு நன்றி சொன்னா கடவுள் பேரை வீணா எடுத்த மாதிரி ஆகும்."

"அப்போ உங்க ஹவ்தாலா குறையாப் போயிடுமா?" என்றேன்.

"இல்லை. வாசனை இல்லைன்னா அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போகணும். ரசம் இருக்கு, நெருப்பு இருக்கு. இருக்கறதுக்குச் சொன்னா போதும்."

அந்த மாதம் முழுவதும் என்னிடம் வந்தவர்கள் எல்லாரும், 'அவர் உங்ககூடவே இருக்கார்', 'எல்லாம் நல்லதுக்கே' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். இல்லாததை இல்லை என்று ஒத்துக்கொண்டு, கையைக் கட்டி நின்று, அடுத்த வரிக்குப் போகலாம் என்று ஒரு சடங்கே சொல்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நானும் என் விரலை மடக்கி நகத்தைப் பார்த்தேன். தெரிந்தது.

பிறகு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நாங்கள் இருவரும் போனோம். அவர் மாத்திரை எழுதவில்லை. நான்கு வாசனைகளைச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பதினைந்து இருபது விநாடி மூக்கருகே வைத்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனதில் நினைத்தபடி மெதுவாக முகர வேண்டும். ஆழமாக உறிஞ்சக் கூடாது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். கிராம்பு என்றதும் மாடி சார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஓசூரில் ரோஜாவுக்கா பஞ்சம் என்று பக்கத்துப் பசுமைக்குடிலில் இருந்து நீளக் காம்புச் சிவப்பு ரோஜா வாங்கி வந்தேன். இரண்டு வாரம் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. எலுமிச்சை மட்டும் எங்கோ தூரத்தில் லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தது, ரோஜா மட்டும் சுத்தமாக இல்லை. இனி வரவே வராது என்று அழுதுவிட்டேன். மூக்கு சரியாக இருந்த அந்த அம்மா ஒரு பூவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதில் எனக்கே வாசனை இல்லையே!" என்றாள். விஷயம் இதுதான். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ரோஜா பத்து நாள் வாடாமல் இருக்க வேண்டும், காம்பு நீளமாக இருக்க வேண்டும் என்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். அந்தத் தேர்வில் வாசனை கழன்றுபோனது. ஹவ்தாலாவுக்கும் அந்தப் பூ செல்லாது, ஏனென்றால் அங்கேயும் மணம் உண்மையில் வர வேண்டும். மறுநாள் பூ மார்க்கெட்டில் நாட்டுப் பன்னீர் ரோஜா வாங்கினேன். ஆகவே வாசனைப் பயிற்சி செய்கிறவர்கள், மூக்கு நன்றாக இருக்கிற ஒருவரை முதலில் முகரச் சொல்லுங்கள். பொருளில் குறையா, மூக்கில் குறையா என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

இரண்டு மாதம் கழித்து காப்பி ரப்பர் கருகியது போல் நாறியது. பயந்து போனேன். அது நரம்பு மறுபடி வளர்கிறபோது தப்புத் தப்பாகச் செய்தி அனுப்புவது, பெரும்பாலும் நல்ல அறிகுறிதான் என்று டாக்டர் சொன்னார். காப்பியைச் சில வாரம் நிறுத்தினேன். மாடி சாருக்குத் திரும்பி வந்தது எனக்கு முன்னால். ஒரு சனிக்கிழமை இரவு மேலே அவர் குரலில் அந்த இரண்டாவது வாழ்த்து கேட்டது. படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அர்த்தம் தெரியாத மொழியில் ஒரு வரியைக் கேட்டு நான் அழுதது அது ஒரு தடவைதான்.

எனக்கு முதலில் வந்தது கிராம்பு. நவம்பரில், தீபாவளி கழிந்து. முழுசாக இல்லை, நூல் மாதிரி. அடுத்து எலுமிச்சை, அப்புறம் ரோஜா. சட்டையை அதற்குள் துவைத்து யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. அது போனது போனதுதான். அந்த வாசனை மட்டும் இனி இல்லை. இல்லை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

2022ல் அவர் பணி ஓய்வு பெற்று இருவரும் தானேவுக்கே திரும்பிவிட்டார்கள். கிளம்பும்போது இந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள். "வாழ்த்து உங்களுக்கு இல்லை டீச்சர், வாசனை எல்லாருக்கும்தான்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அது அவர்களுடைய வாழ்த்து, நான் சொல்வதில்லை. சனிக்கிழமை இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய் மூன்று நட்சத்திரம் தேடுவேன். இரண்டுதான் கிடைக்கும். டப்பாவைக் குலுக்கி ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கீழே வந்து தோசைக்கு ஊற்றுவேன். பேத்தியோடு வீட்டைத் தலைகீழாக்கியதில் அது மேல்தட்டுக்குப் போய்ச் சில மாதம் விட்டுப்போயிருந்தது. கிராம்பு மணம் குறைந்துவிட்டது. நகத்தால் அதன் தலையைக் கீறிப் பார்த்தேன், எண்ணெய் கசியவில்லை. நாளைக்குப் புதுக் கிராம்பு வாங்கிப் போட வேண்டும்.

அந்த வருடத்தில் வாசனை போனவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு முதலில் திரும்பி வந்த வாசனை எது? இன்னும் வராதவர்களும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்காமல் இருந்தால் ஒரு தடவை பாருங்கள்.

அன்புடன், உங்கள் டீச்சர்.
ஓசூர்.